ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் வீட்டுக் கடன் எவ்வளவு சீக்கிரம் முடியும்?

நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 34,713 ரூபாய் வரும். 240 மாதமும் ஒழுங்காகக் கட்டினால் மொத்தம் 83.31 லட்சம் போயிருக்கும். அதில் வட்டி மட்டும் 43.31 லட்சம். இதே கடனில் ஒவ்வொரு 12ஆவது தவணையோடும் சேர்த்து ஒரு லட்சத்தை அசலில் கட்டினால் கடன் 13 ஆண்டில் முடிகிறது. ஏழு ஆண்டு மிச்சம், வட்டியில் ஏறக்குறைய 16.95 லட்சம் மிச்சம்.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களும் இதே விடையைத் தரும். ஆனால் கணக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், வங்கி அனுப்பும் ஸ்டேட்மென்டில் அது நடக்காமல் போகும்போது கண்டுபிடிக்க முடியும்.

முதல் ஆண்டை எடுத்துக்கொள்வோம். 12 தவணையாக 4,16,555 ரூபாய் கட்டியிருக்கிறோம். அதில் வட்டிக்குப் போனது 3,36,946 ரூபாய். அசலில் கழிந்தது வெறும் 79,609 ரூபாய். ஓர் ஆண்டு முழுக்க உழைத்துக் கட்டிய பிறகும் நிலுவை 39,20,391 ரூபாயில் நிற்கிறது. இந்த நேரத்தில் கட்டும் ஒரு லட்சம் முழுவதும் அசலுக்கே போகிறது, வட்டி அதில் பங்கு கேட்பதில்லை. ஏனென்றால் அதுவரைக்குமான வட்டியைத் தவணைகள் ஏற்கெனவே தீர்த்துவிட்டன. ஆகவே அந்த ஒரே நாளில் கழியும் அசல், ஆண்டு முழுவதும் கட்டிய தவணைகள் கழித்த அசலைவிட அதிகம். நிலுவை 38,20,391 ஆகிறது.

இனி தவணையை மாற்றாமல் அப்படியே 34,713 கட்டிக்கொண்டு போனால் எத்தனை மாதம் மீதி? கட்டாமல் விட்டிருந்தால் 228 மாதம். கட்டியதால் 214.2 மாதம். அந்த ஒற்றை லட்சம் மட்டுமே ஏறக்குறைய 14 தவணைகளை வெட்டிவிட்டது. 14 தவணை என்றால் கிட்டத்தட்ட 4.8 லட்ச ரூபாய். ஒரு லட்சம் கொடுத்து 4.8 லட்சத்தைத் தள்ளுபடி வாங்கியது போலத் தோன்றும்.

தள்ளுபடி எதுவும் இல்லை, கூட்டு வட்டிதான். நாம் வெட்டுவது அடுத்த மாதத் தவணையை அல்ல, கடனின் வாலில் இருக்கும் கடைசித் தவணைகளை. மாதம்தோறும் கூட்டினால் 8.5 சதவீதத்தில் ஒரு லட்சம் 228 மாதத்தில் ஐந்து லட்சமாக வளர்ந்துவிடும். 19 ஆண்டு கழித்து வரவிருந்த ஐந்து லட்சக் கடமையை இன்று ஒரு லட்சத்தில் முடிக்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் எப்போது கட்டுகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. கூடுதலாக எதுவுமே கட்டாமல் பத்து ஆண்டு ஓட்டிவிட்டு, 120ஆவது மாதத்தில் முதன்முதலாக ஒரு லட்சம் கட்டினால் 6.6 மாதம்தான் குறையும். 15 ஆண்டு கழித்துக் கட்டினால் 4.3 மாதம். தொகை அதேதான், வளர்வதற்கு அதற்கு இருக்கும் காலம்தான் குறைந்துவிட்டது.

இனி ஆண்டுதோறும் கட்டினால் என்ன ஆகும் என்ற முழுக் கணக்கு. இதற்கு இரண்டு வழி. ஒன்று, விடையை நேரடியாகத் தரும் சூத்திரம். மற்றது, மாதவாரி அட்டவணை. சூத்திரம் வேகமானது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

தவணை மாதம்தோறும் போகிறது, ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை போகிறது. இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். 8.5 சதவீதம் மாதம்தோறும் கூடும்போது உண்மையான ஆண்டு வட்டி 8.839 சதவீதம். 12 தவணைகளின் ஆண்டு இறுதி மதிப்பு, அந்தந்தத் தவணை முன்கூட்டிப் போனதால் மிச்சமாகும் வட்டியோடு சேர்த்து, 4,33,173 ரூபாய். அதோடு ஒரு லட்சம் சேர்த்தால் ஆண்டுக்கு 5,33,173. அதாவது 40 லட்சக் கடனை 8.839 சதவீத வட்டியில், ஆண்டுக்கு ஒரே தவணையாக 5,33,173 கட்டித் தீர்ப்பதற்குச் சமம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இப்படி எழுதலாம்:

```
=PMT(8.5%/12, 240, -4000000)                -> 34,713
=FV(8.5%/12, 12, -34712.93)                 -> 4,33,173
=NPER(EFFECT(8.5%,12), -533173, 4000000)    -> 12.846
```

மூன்றாவது விடையைப் பார்த்ததும் 12 ஆண்டு 10 மாதம் என்று எழுதிவிடுவதுதான் அந்தப் பொறி. 12.846 என்பதில் முழு எண்ணான 12 மட்டுமே நம்பத் தகுந்தது. புள்ளிக்குப் பின்னால் உள்ளது, 13ஆம் ஆண்டின் ஒரு லட்சத்திலும் ஒரு பகுதி ஆண்டின் நடுவிலேயே வந்துவிடும் என்ற கற்பனையின் மேல் நிற்கிறது. உண்மையில் அந்தப் பணம் ஆண்டு முடிவில்தான் வரும். ஆகவே 12 ஆண்டு முடிவில் நிலுவை எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, அதை மாதத் தவணையால் தீர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று பார்க்க வேண்டும்.

```
=FV(EFFECT(8.5%,12), 12, 533173, -4000000)  -> சுமார் 4,17,100
=NPER(8.5%/12, -34713, 417100)              -> 12.6
```

12 ஆண்டுக்குப் பிறகும் 12.6 மாதம். 13ஆம் ஆண்டின் 12 தவணையும் போன பிறகு 20,800 ரூபாய் சொச்சம் மீதி நிற்கும். அந்த மாதம் கட்டவேண்டிய ஒரு லட்சத்தில் இருந்து அவ்வளவை மட்டும் கொடுத்தால் 156ஆவது மாதத்தில் கணக்கு முடிகிறது. இவ்வளவு காலத்தில் தனியாகக் கட்டியது 12.2 லட்சம். மொத்த வட்டி 43.31 லட்சத்திலிருந்து 26.36 லட்சமாக இறங்கியிருக்கிறது.

தொகையை மாற்றினால் விடை நேர்விகிதத்தில் மாறாது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் என்றால் கடன் 188 மாதத்தில், அதாவது 15 ஆண்டு 8 மாதத்தில் முடியும். ஒரு லட்சம் என்றால் 13 ஆண்டு. இரண்டு லட்சம் என்றால் 10 ஆண்டு. முதல் ஐம்பதாயிரம் நாலே கால் ஆண்டுக்கு மேல் வெட்டுகிறது. அடுத்த ஐம்பதாயிரம் இரண்டே முக்கால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக. அதற்குமேல் சேர்க்கும் முழு லட்சமும் மூன்று ஆண்டு. கடன் சுருங்கச் சுருங்க, வெட்டுவதற்கு வால் மிச்சம் இல்லாமல் போகிறது. இரண்டு லட்சம் முடியாது என்பதால் ஒன்றுமே கட்டாமல் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பயன்படும். சின்னத் தொகைதான் ரூபாய்க்கு ரூபாய் அதிகம் சாதிக்கிறது.

ஒரு லட்சத்தை ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டாமல் மாதம் 8,333 ரூபாயாகத் தவணையோடு சேர்த்துக் கட்டினால்? 153ஆவது மாதத்தில் முடியும். மூன்று மாத வித்தியாசம்தான். போனஸ் வரும்போது கட்டுபவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சூத்திரம் ஒரே வட்டி, ஒரே தொகை என்று எடுத்துக்கொள்கிறது. நிஜக் கடனில் இரண்டும் மாறும். அதனால் கடைசியில் எல்லோரும் வந்து சேருவது மாதவாரி அட்டவணைக்குத்தான். ஏழு பத்தி போதும்: மாத எண், தொடக்க நிலுவை, ஆண்டு வட்டி வீதம், அந்த மாத வட்டி, தவணை, கூடுதல் தொகை, முடிவு நிலுவை. முதல் வரியில் தலைப்பு, இரண்டாம் வரியில் இப்படி:

```
A2: 1
B2: 4000000
C2: 8.5%
D2: =B2*C2/12
E2: =MIN(34713, B2+D2)
F2: =IF(MOD(A2,12)=0, MIN(100000, B2+D2-E2), 0)
G2: =B2+D2-E2-F2
A3: =A2+1
B3: =G2
C3: =C2
```

D முதல் G வரை உள்ளதை மூன்றாம் வரிக்கும் நகலெடுத்து, பிறகு மூன்றாம் வரியை முழுதாகக் கீழே 241ஆம் வரி வரை இழுத்துவிட வேண்டியதுதான். முடிவு நிலுவை எந்த மாதத்தில் பூஜ்யமாகிறதோ அதுதான் விடை. வட்டி வீதம் மாறும் மாதத்தில் C பத்தியில் புது எண்ணை நேரடியாகத் தட்டினால், அதற்குக் கீழே உள்ள எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். போனஸ் குறைந்த ஆண்டில் F பத்தியில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றலாம். `MIN` இல்லாமல் எழுதினால் நிலுவை பூஜ்யத்துக்குக் கீழே போய், வங்கி நமக்கு வட்டி கொடுப்பது போல அட்டவணை ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தால் சூத்திரத்தில் எங்கே தவறு என்று தெரிந்துவிடும்.

கணக்கு இத்தோடு சரி. இனி அது வங்கியில் எங்கே சறுக்குகிறது என்பது.

முதல் சறுக்கல், தவணையைக் குறைப்பது. கூடுதல் தொகை கட்டியதும் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கலாம். அல்லது காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கலாம். எது இயல்பாக நடக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். நம் உதாரணத்தில் முதல் லட்சத்துக்குப் பிறகு தவணையைக் குறைத்தால் 34,713 ரூபாய் 33,828 ஆகும். மாதம் 885 ரூபாய் கையில் நிற்கும், கடன் 20 ஆண்டே ஓடும். 228 மாதத்தில் அந்த 885 சேர்ந்து 2.02 லட்சம். ஒரு லட்சம் போட்டதற்கு மிச்சம் 1.02 லட்சம். காலத்தைக் குறைத்திருந்தால் மிச்சம் சுமார் 3.78 லட்சம். கையில் நின்ற 885 ரூபாயை மறுபடி கடனிலேயே போட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் யாரும் அப்படிப் போடுவதில்லை. மாதச் செலவு நெருக்குகிற வீட்டில் தவணையைக் குறைத்துக்கொள்வது நியாயமான முடிவே. கேட்காமல் நடந்துவிடுவதுதான் பிரச்சினை. பணம் கட்டும்போதே “தவணை மாறக் கூடாது, காலம் குறைய வேண்டும்” என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதம் கணக்கில் எடுக்கப்படும் தவணை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வந்தால் சொன்னது நடந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, பணம் அசலுக்குப் போகாமல் முன்பணமாக நிற்பது. கடன் கணக்கு எண்ணுக்கு நேரடியாக ஒரு லட்சத்தை அனுப்பிவிட்டு, அது பகுதி முன்கட்டணம் என்று சொல்லாமல் விட்டால், சில நிறுவனங்களின் கணினி அதை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக எடுத்துக்கொள்ளும். நிலுவை அப்படியே இருக்கும், வட்டியும் அப்படியே ஓடும். பணத்தை மட்டும் அவர்கள் சும்மா வைத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் எண் போதும். ஒரு லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 708 ரூபாய். அடுத்த முழு மாதத்தின் வட்டிப் பகுதி, முந்தைய மாதத்தைவிட இந்த 708 ரூபாயும், தவணையால் வழக்கமாகக் குறையும் ஐம்பது ரூபாய் அளவும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். தினசரி நிலுவையில் வட்டி கணக்கிடும் இடங்களில் மாதத்துக்கு 28, 30, 31 நாள் என்று வருவதால் ஓராயிரம், இரண்டாயிரம் ரூபாய் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆகவே ஒரே நாள் எண்ணிக்கை உள்ள இரண்டு மாதங்களை ஒப்பிட வேண்டும். அதைவிட எளிது, நிலுவைப் பத்தியைப் பார்ப்பது. ஒரு லட்சம் அங்கே நேராகக் கழிந்திருக்கிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

தேதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தினசரி நிலுவையில் கணக்கிடும் இடத்தில் ஒரு நாள் தாமதத்துக்கு 23 ரூபாய்தான். மாத இறுதி நிலுவையில் கணக்கிடும் நிறுவனமாக இருந்தால் மட்டும், தேதியை ஒருநாள் தவறவிட்டால் ஒரு மாதத்துப் பயன் போகும். எந்த முறை என்பது கடன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். இரண்டு சதவீதம் கட்டணம் என்று இருந்தால் ஒரு லட்சத்துக்கு இரண்டாயிரம் போகும். முதல் ஆண்டில் அது பொருட்டே இல்லை, கடைசி இரண்டு ஆண்டில் பொருட்டு.

மூன்றாவதும் பெரியதுமான சறுக்கல், வட்டி ஏற்றம். மாறும் வட்டிக் கடனில் வீதம் ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். தவணை மாறாததால் கடன்காரருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. நம் உதாரணத்தில் முதல் லட்சம் கட்டிய மறுநாள் வட்டி 8.5இல் இருந்து 9 ஆகிறது என்று வையுங்கள். மீதிக் காலம் 214 மாதத்திலிருந்து 234 மாதமாக நீளும். அரை சதவீதம், ஒரு லட்சம் வாங்கித்தந்த 14 மாதத்தையும் விழுங்கி, அதற்குமேல் ஆறு மாதத்தையும் எடுத்துக்கொண்டது. அதற்காக அந்த லட்சம் வீணானது என்று அர்த்தமில்லை. கட்டாமல் இருந்திருந்தால் 251 மாதமாகியிருக்கும். 17 மாதம் குறைந்துதான் இருக்கிறது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரிப்போ வீதம் 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது. ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்டியும் கடன் குறையவே இல்லை என்று அந்தக் காலத்தில் பலர் திகைத்ததற்குக் காரணம் இதுதான்.

வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி கடன்காரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. காலத்தைக் குறைப்பதற்காகக் கூடுதலாகக் கட்டுபவர் தவணை ஏற்றத்தைத்தான் கேட்க வேண்டும். வட்டி இறங்கும்போது இதற்கு நேர் எதிர்: தவணையைக் குறைக்க விடாமல், பழைய தவணையிலேயே நின்றால் அந்த வித்தியாசம் மாதம்தோறும் அசலுக்குப் போகும். அட்டவணையில் C பத்தியை மாற்றிப் பார்த்தாலே இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

வருமான வரிக்காக வட்டியைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வாதம் சொல்வார்கள். பழைய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரைதான் கழிவு. நம் கடனில் முதல் ஆண்டு வட்டி 3.37 லட்சம். மேலே உள்ள 1.37 லட்சத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டிவந்தால் ஏழாம் ஆண்டு வட்டி 2.18 லட்சம், எட்டாம் ஆண்டில்தான் 1.92 லட்சமாக இறங்குகிறது. அதுவரை கூடுதலாகக் கட்டுவதால் வரிக் கழிவில் ஒரு பைசா குறைவதில்லை. எட்டாம் ஆண்டிலிருந்து கட்டும் லட்சத்துக்கு வேண்டுமானால் இந்த வாதத்தை எடுத்துப் பார்க்கலாம். புதிய வரி முறையில் இருப்பவருக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை என்பதால் கேள்வியே எழாது.

கடைசி ஆண்டில் ஒரு சின்ன எச்சரிக்கை. நம் அட்டவணை 156ஆவது மாதத்தில் 20,800 ரூபாய் என்று சொன்னாலும் வங்கியின் எண் அதே ரூபாயில் வராது. தினசரி வட்டி, தவணையை ரூபாய்க்கு முழுமையாக்கியது, இடையில் வந்த வட்டி மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் தள்ளியிருக்கும். ஆகவே 13ஆவது லட்சத்தை வழக்கம்போல அனுப்பிவிடாமல், எந்தத் தேதியில் முடிக்கிறோம் என்று சொல்லி, அந்தத் தேதிக்கான முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்கி, அதை மட்டும் கட்ட வேண்டும். கூடவே வங்கிக் கணக்கில் உள்ள தானியங்கித் தவணை உத்தரவையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். முடிந்த கடனுக்கு அடுத்த மாதமும் 34,713 எடுத்துக்கொண்டால், அதைத் திரும்ப வாங்குவதற்குள் அலைச்சல்தான் மிஞ்சும்.